இரட்டைப்படை, ஒற்றைப்படைப் பல்லுறுப்புக்கோவைகள்: வளைவரையின் சமச்சீரும் x-இன் அடுக்குகளும்

"படி 4 என்றால் அது இரட்டைப்படைச் சார்பு, படி 3 என்றால் ஒற்றைப்படைச் சார்பு." கணக்குப் பேசும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. தேர்வில் ஒரு மதிப்பெண் வினாவுக்கு இதை நம்பி விடை குறிப்பவர்களும் நிறைய. ஆனால் இது தவறு. x⁴ + x என்ற கோவையைப் பாருங்கள். அதன் படி 4. x = 1 என்று போட்டால் 2 வருகிறது; x = −1 என்று போட்டால் 0 வருகிறது. இரட்டைப்படைச் சார்பாக இருந்தால் இந்த இரண்டு மதிப்புகளும் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால், வளைவரையின் சமச்சீருக்கும் கோவையில் இருக்கும் அடுக்குகளுக்கும் நடுவில் உள்ள தொடர்பை முதலில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தொடர்பு ஒருவழிப் பாதை அல்ல. அடுக்குகளைப் பார்த்தால் சமச்சீர் தெரியும். சமச்சீரைப் பார்த்தால் எந்த அடுக்குகள் இருக்கவே முடியாது என்று தெரியும்.

## தேவையான சில சொற்கள்

5x³ − 2x + 7 போல, எண்ணால் பெருக்கிய x-இன் அடுக்குகளைக் கூட்டிக் கிடைப்பது பல்லுறுப்புக்கோவை. கூட்டலில் வரும் ஒவ்வொரு துண்டும் ஓர் உறுப்பு. 5x³ என்ற உறுப்பில் 3 என்பது அடுக்கு, 5 என்பது கெழு. இருக்கும் அடுக்குகளில் மிகப் பெரியது எதுவோ அதுவே கோவையின் படி. அடுக்குகள் 0, 1, 2, 3 என்று முழு எண்களாகத்தான் இருக்கும். √x, 1/x போன்றவற்றுக்கு இங்கே இடமில்லை.

தனியாக நிற்கும் 7-ஐ மாறிலி என்போம். அதற்கு அடுக்கே இல்லை என்று தோன்றும். அப்படியில்லை. 7 என்பது 7x⁰. அதன் அடுக்கு 0. பூச்சியம் ஓர் இரட்டைப்படை எண். இந்தச் சின்ன விஷயம் பின்னால் பெரிய வேலை செய்யும்.

## மடிப்பதும் சுழற்றுவதும்

ஒளி ஊடுருவும் மெல்லிய தாளில் ஒரு வளைவரையை வரைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். தாளை y-அச்சின் மேலேயே மடிக்கிறோம். வலப்பக்க வளைவு இடப்பக்க வளைவின் மேல் பிசகாமல் உட்கார்ந்தால், அந்த வளைவரை y-அச்சைப் பொறுத்துச் சமச்சீர் உடையது. x²-இன் பரவளையம் அப்படித்தான் உட்காரும்.

இன்னொரு சோதனை. தாளை மடிக்காமல், அச்சுகள் வெட்டிக்கொள்ளும் ஆதிப்புள்ளியில் ஓர் ஊசியைக் குத்தி, தாளை அரைச் சுற்று, அதாவது 180 பாகை, சுழற்றுகிறோம். தலைகீழான பிறகும் படம் பழையபடியே தெரிந்தால், அந்த வளைவரை ஆதிப்புள்ளியைப் பொறுத்துச் சமச்சீர் உடையது. x³ இந்தச் சோதனையில் தேறும். வலப்பக்கம் மேலே ஏறும் கை, சுழற்றியதும் இடப்பக்கம் கீழே இறங்கும் கையின் இடத்துக்குப் போய்விடும்.

x-அச்சின் மேல் மடித்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். அப்படிப் பொருந்த வேண்டுமானால் ஒரே x-க்கு மேலே ஒரு புள்ளியும் கீழே ஒரு புள்ளியும் இருக்க வேண்டும். சார்பு என்றால் ஒரு x-க்கு ஒரே மதிப்புதான். ஆகவே எல்லா இடத்திலும் பூச்சியமாகவே இருக்கும் கோவையைத் தவிர வேறு எதற்கும் அந்தச் சமச்சீர் கிடையாது.

## தாளிலிருந்து சமன்பாட்டுக்கு

y-அச்சின் மேல் மடிக்கும்போது x தொலைவில் வலப்பக்கம் இருந்த புள்ளி, அதே தொலைவில் இடப்பக்கம் போய் விழுகிறது. உயரம் மாறுவதில்லை. ஆகவே மடிப்புச் சோதனையில் தேறுவது என்பது, எல்லா x-க்கும்

f(−x) = f(x)

என்பதுதான். இப்படிப்பட்ட கோவையை இரட்டைப்படைப் பல்லுறுப்புக்கோவை என்கிறோம்.

அரைச் சுற்று சுழற்றும்போது வலம் இடமாகிறது, கூடவே மேல் கீழாகிறது. ஆகவே சுழற்சிச் சோதனையில் தேறுவது என்பது, எல்லா x-க்கும்

f(−x) = −f(x)

என்பது. இது ஒற்றைப்படைப் பல்லுறுப்புக்கோவை.

இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: x இருக்கும் இடத்தில் எல்லாம் −x போட்டால் என்ன ஆகிறது? பழையதே திரும்பி வந்தால் இரட்டைப்படை. எல்லாக் குறிகளும் ஒருசேர மாறி வந்தால் ஒற்றைப்படை. சில உறுப்புகளின் குறி மட்டும் மாறி வந்தால் இரண்டும் இல்லை. எண்களில் இரட்டைப்படை இல்லையென்றால் ஒற்றைப்படை என்று முடித்துவிடலாம். கோவைகளில் அப்படிச் சொல்ல முடியாது. உண்மையில் பெரும்பாலான கோவைகள் இந்த மூன்றாவது வகைதான்.

## அடுக்குகள் எப்படி உள்ளே வருகின்றன

(−x)² என்பது (−x)(−x). இரண்டு கழித்தல் குறிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு x² மட்டும் மிஞ்சுகிறது. (−x)³-இல் மூன்று கழித்தல் குறிகள். இரண்டு அடித்துக்கொண்டு போக, ஒன்று தனியே நின்று −x³ ஆகிறது. (−x)⁴-இல் இரண்டு ஜோடிகள், எதுவும் மிஞ்சாது. இப்படியே போனால், அடுக்கு இரட்டைப்படையாக இருந்தால் குறி தொலைந்துவிடும். ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு குறி தப்பி வெளியே வரும். இவ்வளவுதான் இதன் இயந்திரம். மற்றதெல்லாம் இதிலிருந்து பிறப்பதுதான்.

ஒரு கோவையில் −x போடும்போது ஒவ்வோர் உறுப்பும் தன் அடுக்குக்கு ஏற்றபடி தனித்தனியாக நடந்துகொள்கிறது. x⁴ − 5x² + 4 என்பதில் அடுக்குகள் 4, 2, 0. மூன்றும் இரட்டைப்படை, ஆகவே எதுவும் மாறாது, கோவை இரட்டைப்படை. x³ − 4x என்பதில் அடுக்குகள் 3, 1. இரண்டும் குறி மாறும், கோவை ஒற்றைப்படை.

இப்போது x³ − 4x + 1. பார்த்தவுடன் ஒற்றைப்படை என்று சொல்லத் தோன்றும். அடுக்கு என்று கண்ணில் படுபவை 3, 1 மட்டும்தான். ஆனால் அந்த 1-க்குள் x⁰ ஒளிந்திருக்கிறது. −x போட்டால் −x³ + 4x + 1 வருகிறது. முதல் இரண்டு உறுப்புகள் குறி மாறின, மாறிலி மாறவில்லை. ஆகவே இது இரண்டும் இல்லை. எண் போட்டும் பார்க்கலாம்: x = 1-இல் −2, x = −1-இல் 4. ஒற்றைப்படையாக இருந்தால் −2-க்கு எதிரே 2 வந்திருக்க வேண்டும்.

சுருக்கமாக, இதுவரை பார்த்தது: எல்லா அடுக்குகளும் இரட்டைப்படை என்றால் (மாறிலியும் அதில் சேர்த்தி) கோவை இரட்டைப்படை. எல்லா அடுக்குகளும் ஒற்றைப்படை என்றால் கோவை ஒற்றைப்படை.

## எதிர்த்திசையும் உண்மையா?

பல விளக்கங்கள் இங்கே நின்றுவிடும். எனக்கு இதற்கு அடுத்த படிதான் முக்கியம் என்று படுகிறது. ஒற்றைப்படை அடுக்குகள் எல்லாம் கோவைக்குள் இருந்துகொண்டே, ஒன்றையொன்று ஈடுகட்டி, மொத்தத்தில் வளைவரையைச் சமச்சீராக்கிவிட முடியாதா? முடியாது. ஏன் முடியாது என்பதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எந்தக் கோவையையும் இரண்டு பங்காகப் பிரிக்கலாம். இரட்டைப்படை அடுக்கு உள்ள உறுப்புகள் ஒரு பக்கம், ஒற்றைப்படை அடுக்கு உள்ளவை இன்னொரு பக்கம். முதல் பங்கை E(x) என்றும் இரண்டாவதை O(x) என்றும் அழைப்போம். அப்போது

f(x) = E(x) + O(x)
f(−x) = E(x) − O(x)

மேலே உள்ளதிலிருந்து கீழே உள்ளதைக் கழித்தால் f(x) − f(−x) = 2·O(x). வளைவரை y-அச்சைப் பொறுத்துச் சமச்சீர் என்றால் இடப்பக்கம் எப்போதும் பூச்சியம். ஆகவே O(x)-உம் எல்லா x-க்கும் பூச்சியம்.

இங்கேதான் பல்லுறுப்புக்கோவைக்கே உரிய ஒரு பண்பு கைகொடுக்கிறது. படி 5 உள்ள கோவைக்கு அதிகபட்சம் 5 மூலங்கள்தான் இருக்க முடியும். மூலம் என்றால் கோவையைப் பூச்சியமாக்கும் x. எந்தப் படியை எடுத்தாலும் மூலங்களின் எண்ணிக்கை படியைத் தாண்டாது. O(x)-ஓ எல்லா x-இலும் பூச்சியமாக நிற்கிறது. அதில் பூச்சியமல்லாத ஒரு கெழு மிஞ்சியிருந்தாலும் அப்படி நிற்க முடியாது. ஆகவே எல்லாக் கெழுக்களும் பூச்சியம். கோவையில் ஒற்றைப்படை அடுக்கு ஒன்றுகூட இல்லை. சுழற்சிச் சமச்சீருக்கும் இதே வாதம்தான், கழிப்பதற்குப் பதில் கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இது பல்லுறுப்புக்கோவைகளுக்கு மட்டுமான முடிவு என்பதை மறக்க வேண்டாம். |x| என்ற சார்பின் V வடிவ வரைபடம் மடிப்புச் சோதனையில் அழகாகத் தேறும். ஆனால் அதில் பார்த்துச் சொல்ல x-இன் அடுக்குகளே இல்லை. f(−x) = f(x) என்ற வரையறை எல்லாச் சார்புகளுக்கும் பொது. அடுக்குகளை எண்ணிப் பார்க்கும் குறுக்கு வழி கோவைகளுக்கு.

## ஒரு கோவையைப் பிரித்துப் பார்ப்போம்

h(x) = x⁴ − 5x² + x + 4 என்பதை எடுத்துக்கொள்வோம். முன்னால் பார்த்த இரட்டைப்படைக் கோவையில் வெறும் x ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். மதிப்புகளைக் கணக்கிட்டால்:

h(1) = 1, h(−1) = −1
h(2) = 2, h(−2) = −2
h(3) = 43, h(−3) = 37

முதல் இரண்டு வரிகளை மட்டும் பார்ப்பவர் இதை ஒற்றைப்படைக் கோவை என்றே முடிவு கட்டிவிடுவார். மூன்றாவது வரி வந்ததும் அது உடைகிறது. காரணம், இரட்டைப்படைப் பங்கான x⁴ − 5x² + 4 என்பது 1-இலும் 2-இலும் பூச்சியமாகிறது. அந்த இடங்களில் ஒற்றைப்படைப் பங்கு மட்டுமே நமக்குத் தெரிகிறது.

ஒரே ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்து, சரி, சமச்சீர்தான் என்று எழுதுவதில் உள்ள ஆபத்து இதுதான். ஓர் எண்ணில் பொருந்தவில்லை என்றால் சமச்சீர் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். பொருந்தினால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. இன்னோர் உதாரணம் x³ − x + 4. இதில் x = 1 போட்டாலும் 4, x = −1 போட்டாலும் 4. இரட்டைப்படை என்று நம்பத் தோன்றும். x = 2 போட்டால் 10, x = −2 போட்டால் −2.

இப்போது h-இன் மதிப்புகளை வைத்து பங்குகளைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம். முன்பு வந்த சமன்பாட்டிலிருந்து O(x) = (h(x) − h(−x))/2. x = 3-இல் (43 − 37)/2 = 3. x = 2-இல் (2 + 2)/2 = 2. x = 1-இல் 1. ஒற்றைப்படைப் பங்கு x என்பது தானாக வெளியே வந்துவிட்டது. அதேபோல E(3) = (43 + 37)/2 = 40. 81 − 45 + 4 எவ்வளவு என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வளைவரையில் இதற்கு ஒரு பொருள் இருக்கிறது. இடது வலது உயரங்களின் சராசரி இரட்டைப்படைப் பங்கு. அந்தச் சராசரியிலிருந்து வலப்பக்கம் எவ்வளவு விலகி நிற்கிறது என்பது ஒற்றைப்படைப் பங்கு. ஆக, ஒரு கோவை "இரண்டும் இல்லை" என்றால் அதற்குச் சமச்சீரோடு சம்பந்தமே இல்லை என்று அர்த்தமில்லை. இரண்டு வகைச் சமச்சீரும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது.

## படியைப் பார்த்து ஏமாறுவது ஏன்

தொடக்கத்தில் விட்ட கேள்விக்கு இப்போது வரலாம். அதே h(x)-ஐ தூரத்தில் பாருங்கள். h(10) = 9514, h(−10) = 9494. ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் வித்தியாசம் வெறும் 20. திரையில் −10 முதல் 10 வரை வரைந்து பார்த்தால் இரண்டு கைகளும் ஒரே உயரத்தில் இருப்பதாகத்தான் கண் சொல்லும். x பெரிதாகப் பெரிதாக மிக உயர்ந்த அடுக்கின் கையே ஓங்கிவிடுகிறது. அது x⁴ என்பதால் இரண்டு முனைகளும் மேல்நோக்கிப் போகின்றன.

படி நமக்குச் சொல்வது இவ்வளவுதான்: படி இரட்டைப்படை என்றால் வளைவரையின் இரண்டு முனைகளும் ஒரே பக்கம் போகும், ஒற்றைப்படை என்றால் ஒன்று மேலே, ஒன்று கீழே. முனைகள் ஒரே பக்கம் போவதும் வளைவரை மடித்தால் பொருந்துவதும் வேறு வேறு. இரட்டைப்படைக் கோவை என்றால் படி இரட்டைப்படையாகத்தான் இருக்கும். அதைத் திருப்பிச் சொன்னால்தான் தப்பாகிறது.

கண்ணை நம்புவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். x⁴ − 5x² + 0.01x + 4 என்று ஒரு கோவை இருந்தால் x = 1-க்கும் x = −1-க்கும் இடையே உயர வித்தியாசம் 0.02 மட்டுமே. எந்தத் திரையிலும் அது எளிதில் தெரியாது. ஆனால் கோவையில் 0.01x எழுதியிருப்பது தெளிவாகத் தெரிகிறது. இந்த விஷயத்தில் படத்தைவிட அடுக்குகளே நம்பகமான சாட்சி.

ஒரு விதிவிலக்கு உண்டு. கோவை விரிக்கப்படாமல் இருந்தால் அடுக்குகள் பொய் சொல்லும். (x − 3)² என்பதில் 2 மட்டும்தான் தெரிகிறது. விரித்தால் x² − 6x + 9, அதில் −6x இருக்கிறது. மறுபக்கம், (x − 1)(x + 1)(x − 2)(x + 2) என்பதில் எல்லாமே முதல் அடுக்காகத் தெரிகிறது. விரித்தால் நம்முடைய x⁴ − 5x² + 4. ஆகவே முதலில் விரித்து, ஒத்த உறுப்புகளைச் சேர்த்து, அப்புறம்தான் அடுக்குகளைப் பார்க்க வேண்டும்.

## சமச்சீர் தெரிந்தால் என்ன மிச்சமாகும்

முதலில், பாதி வேலை. x⁴ − 5x² + 4-ஐ வரைய x = 0, 1, 2, 3 என்று போட்டால் 4, 0, 0, 40 கிடைக்கிறது. இடப்பக்கத்துக்கு எதையும் கணக்கிட வேண்டாம். x³ − 4x-க்கு 0, −3, 0, 15. இடப்பக்கம் குறியை மட்டும் மாற்றி 3, 0, −15 என்று எழுதிவிடலாம்.

இரண்டாவது, ஒற்றைப்படைக் கோவை கட்டாயம் ஆதிப்புள்ளி வழியாகப் போகும். f(−x) = −f(x) என்பதில் x = 0 போட்டால் f(0) = −f(0) என்று வருகிறது. தன் எதிர்மறைக்குத் தானே சமமான எண் பூச்சியம் ஒன்றுதான். ஒரு வரைபடம் y-அச்சை 2-இல் வெட்டினால், வேறெதையும் பார்க்காமலே அது ஒற்றைப்படை இல்லை என்று சொல்லிவிடலாம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரட்டைப்படைக் கோவையில் இருப்பவை மாறிலியும் x², x⁴, x⁶ போன்றவையும் மட்டுமே. எல்லாமே x²-இன் அடுக்குகள். ஆகவே u = x² என்று வைத்தால் படி பாதியாகிவிடும். x⁴ − 5x² + 4 = 0 என்ற நான்காம் படிச் சமன்பாடு u² − 5u + 4 = 0 என்ற இருபடிச் சமன்பாடாகச் சுருங்குகிறது. u = 1 அல்லது 4; ஆகவே x = ±1, ±2. மூலங்கள் ஜோடி ஜோடியாக, y-அச்சின் இரு பக்கமும் சம தூரத்தில் நிற்பதைக் கவனியுங்கள். ஒற்றைப்படைக் கோவையில் ஒரு x-ஐப் பொதுக் காரணியாக வெளியே எடுத்தால் உள்ளே இருப்பது இரட்டைப்படை. x³ − 4x = x(x² − 4). அதன் பிறகு அதே வழிதான்.

சுருக்கமாக: அடுக்குகள் எல்லாமே இரட்டைப்படையாகவோ எல்லாமே ஒற்றைப்படையாகவோ வருவதைக் கண்டால் சமச்சீர் இருக்கிறது என்று பொருள், அந்தச் சமச்சீர் சமன்பாட்டின் படியைக் குறைக்கிறது.

## சமச்சீர் வேறு இடத்தில் இருந்தால்

x² + x இரட்டைப்படை அல்ல. ஆனால் அதுவும் ஒரு பரவளையம்தானே, பரவளையம் மடித்தால் பொருந்துமே? பொருந்தும், ஆனால் மடிக்க வேண்டிய கோடு y-அச்சு அல்ல; x = −1/2 என்ற செங்குத்துக் கோடு. இரட்டைப்படை என்பது y-அச்சின் மேல் மடிப்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. சமச்சீர் அச்சு நகர்ந்திருந்தால் அடுக்குகள் அதை மறைத்துவிடுகின்றன. அதை வெளிக்கொண்டுவர, அச்சை நாம் நகர்த்த வேண்டும்.

எங்கே நகர்த்துவது? இங்கே அடுக்குகளே வழி காட்டுகின்றன. கோவையின் படி n என்றும், அது 2 அல்லது அதற்கு மேல் என்றும் வைத்துக்கொள்வோம். சரியான இடத்துக்கு நகர்த்திய பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்குகள் மறைய வேண்டும். குறிப்பாக n−1 என்ற அடுக்கு மறைந்தே ஆக வேண்டும். கோவை axⁿ + bxⁿ⁻¹ + … என்று தொடங்கினால், x = t − b/(na) என்று மாற்றும்போதுதான் அந்த அடுக்கு மறையும். ஆக, சமச்சீர் இருக்கக்கூடிய இடம் x = −b/(na) ஒன்றே ஒன்றுதான். அங்கே இருந்தால் உண்டு, அங்கே இல்லையென்றால் எங்கும் இல்லை.

x³ − 6x² + 9x + 1-ஐ எடுப்போம். −b/(na) = 6/3 = 2. x = t + 2 என்று போட்டு விரித்தால் t² உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, t³ − 3t + 3 மிஞ்சுகிறது. கடைசி 3-ஐ ஒதுக்கிவைத்தால் t³ − 3t ஒற்றைப்படை. அந்த 3 வளைவரையை மேலே தூக்கி வைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே இந்த வளைவரை (2, 3) என்ற புள்ளியில் ஊசி குத்திச் சுழற்றினால் பொருந்தும். எந்த முப்படிக் கோவையை எடுத்தாலும் இதே நடக்கும்: t² போய்விட்டால் மிஞ்சுவது t³, t, மாறிலி மட்டுமே. எனவே எல்லா முப்படி வளைவரைகளுக்கும் ஒரு சுழற்சி மையம் உண்டு.

நான்காம் படியில் அந்த உத்தரவாதம் கிடையாது. t³ மறைந்த பிறகும் t மிஞ்சியிருக்கலாம். தொடக்கத்தில் பார்த்த x⁴ + x அப்படித்தான். அதில் x³ ஏற்கெனவே இல்லை, ஆகவே சமச்சீர் இருக்கக்கூடிய ஒரே இடம் x = 0. அங்கே x என்ற உறுப்பு குறுக்கே நிற்கிறது. இந்த வளைவரையை எந்தச் செங்குத்துக் கோட்டின் மேல் மடித்தாலும் பொருந்தாது.

மாறாக, x⁴ + 10x³ + 35x² + 50x + 24. ஓர் அடுக்கு விடாமல் எல்லாம் இருக்கிறது. சமச்சீர் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். −b/(na) = −10/4 = −2.5. இந்தக் கோவை (x + 1)(x + 2)(x + 3)(x + 4) என்று காரணிப்படும். x = t − 2.5 என்று போட்டால்

(t − 1.5)(t − 0.5)(t + 0.5)(t + 1.5) = (t² − 2.25)(t² − 0.25) = t⁴ − 2.5t² + 0.5625

ஒற்றைப்படை அடுக்குகள் எல்லாம் போய்விட்டன. மூலங்களான −1, −2, −3, −4 ஆகியவற்றின் நடுப்புள்ளி −2.5 என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதுதான்.

இப்போது (x + 1)(x + 2)(x + 3)(x + 4) = 24 என்ற சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னால், u = t² என்று வைத்து u² − 2.5u − 23.4375 = 0 என்று எழுதலாம். தன்மைகாட்டி 6.25 + 93.75 = 100, அதன் வர்க்கமூலம் 10. ஆகவே u = 6.25 அல்லது −3.75. t² குறை எண்ணாக இருந்தால் மெய்யெண் தீர்வு இல்லை என்பதால் −3.75-ஐ விட்டுவிடலாம். 6.25-இலிருந்து t = ±2.5, எனவே x = 0 அல்லது x = −5. முதல் தீர்வு 1·2·3·4 = 24. இரண்டாவது (−4)(−3)(−2)(−1) = 24; அதே நான்கு எண்கள், நான்கு கழித்தல் குறிகள் இரண்டு ஜோடிகளாக அடித்துக்கொண்டுவிட்டன.